655 என்ற பொய்

சீகிரியாவைச் சுற்றிய ஊர்களில் இரவில் தோட்டத்துக்குள் யானை இறங்குவது புதிதல்ல. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலிவான தாழொலிக் கருவிகளால் காட்டு யானை நிற்கும் இடத்தைக் கண்டறியும் முறையை 2017இல் வெளியிட்டார்கள். அதைவிட எளிய வழி, தோட்ட ஓரத்து மண்ணில் ஒரு ஜியோபோனைப் புதைத்து ஆர்டுயினோவில் பொருத்துவது. அப்படிப்பட்ட ஒன்றின் சீரியல் மொனிட்டர் ஸ்கிரீன்ஷொட்டை வாசிப்பதில் தனி ருசி இருக்கிறது.

5 மில்லிசெக்கனுக்கு ஒரு வரி. மண் அசையாவிட்டால் மதிப்பு 511 அளவில் நிற்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது இது:

```
515
513
507
509
515
513
```

நான்கு வரிக்கு ஒருமுறை அதே எண்கள். நான்கு வரி என்றால் 20 மில்லிசெக்கன். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலைக்கும் அதே நேரம்தான். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது, 511, 513 என்று ஓடும் வரிகளுக்கு நடுவே திடீரென்று ஒரு 655. மறுவரியிலேயே மறுபடி 510. ஜியோபோனுக்குள் சுருள்வில்லில் தொங்கும் எடை இவ்வளவு விரைவாக ஆடி அடங்காது. ஆகவே இது மண்ணிலிருந்து வந்ததல்ல, கம்பியில் வந்தது. இப்படிப்பட்ட வரிகளின் பக்கத்து நேரப் பத்தியைப் பார்த்தால் ஆள் பிடிபடுவார்: 48210, 49415, 51825. முதல் இடைவெளி 1205, அடுத்தது அதன் சரியாக இரு மடங்கு. நடுவில் ஒன்று தவறியிருக்கிறது. செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் துடிப்பது யானை வேலியின் மின்சாரம். யானையைத் தடுக்கும் வேலியே யானை வந்ததாகப் பொய் சொல்கிறது! இந்த நேரம் ஆர்டுயினோவே `millis()` கொண்டு அச்சிட்டதாக இருக்க வேண்டும். மொனிட்டர் ஒட்டும் நேரம் எண் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம்; அதில் இடைவெளிகள் குழம்பிப்போகும்.

காலடியின் வடிவம் வேறு. 511க்கு மேலே 551 வரை சில வரிகள் ஏறி இறங்கி, கீழே 480 வரை போய், ஆட்டம் குறைந்து அடங்கும். அந்தத் தேய்வுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மண்ணின் கையெழுத்து அதில் தெரிகிறது.

மணி அடிக்க வேண்டிய எல்லையை 600 என்று வைப்பவர் பெரிய எண்ணை நம்பியவர். அவருடைய மணி வேலிக்கு அடிக்கும், யானைக்கு அடிக்காது. அமைதியான இரவில் விலகல் 7க்குள். தூரக் காலடியில் 40. ஆகவே 20 போதும், ஆனால் ஒரே பக்கமாக மூன்று வரி தொடர்ந்து தாண்ட வேண்டும்:

```
int d = analogRead(A0) - 511;
up = (d > 20) ? up + 1 : 0;
down = (d < -20) ? down + 1 : 0;
if (up >= 3 || down >= 3) alarm();
```

ஒற்றை 655 இதில் தானாக உதிர்ந்துவிடும். மாட்டையும் யானையையும் இந்த எண் பிரிக்காது. மழை பெய்தால் அமைதியின் அகலமே கூடும். அதனால் எல்லையைக் குறிக்குமுன் அமைதியான இரவில் ஒன்று, மழையில் ஒன்று, வேலியில் மின்சாரம் ஓடும்போது ஒன்று என மூன்று ஸ்கிரீன்ஷொட்டாவது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.