மங்கிய படத்திலிருந்து வந்த 390

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் போனில் ஒரு படம் அனுப்பினான். அமோனியா ஆலையின் ஓட்ட வரைபடம். ரியாக்டர், குளிர்விப்பான், ஸ்பிளிட்டர். பாதி எண்கள் விளக்கொளியில் மங்கியிருந்தன. "சித்தி, ரீசைக்கிள் எவ்வளவு?" எவ்வளவு அழகான கணக்கு இது!

புதிதாக நுழையும் வாயு மணிக்கு 100 கிலோமோல்: நைட்ரஜன் 24.75, ஹைட்ரஜன் 74.25, ஆர்கான் 1. ரியாக்டரை ஒருமுறை கடக்கையில் 20 சதவீத நைட்ரஜன்தான் வினைபுரிகிறது. அமோனியா முழுவதும் திரவமாகப் பிரிந்துவிட, மீதி வாயு ஸ்பிளிட்டரில் இரண்டாகிறது. பெரும்பகுதி ரியாக்டருக்கே திரும்புகிறது, சிறு பகுதி பர்ஜாக வெளியேறுகிறது. பர்ஜில் ஆர்கான் 10 சதவீதமா, 1.0 சதவீதமா? நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. அது அச்சா, அழுக்கா?

ஆர்கானே பதில் சொல்லிவிட்டது! அது எதனுடனும் வினைபுரியாது. உள்ளே வந்த 1 கிலோமோலும் பர்ஜ் வழியாகத்தான் போயாக வேண்டும். 1.0 என்றால் பர்ஜ் 100. வந்த வாயு அத்தனையும் வெளியே, அமோனியாவே இல்லை. ஆக 10 சதவீதம்தான். பர்ஜ் 10 கிலோமோல். படத்தின் அழுக்கைப் பொருள் சமநிலை துடைத்துவிடுகிறது என்பதில் எனக்கு அப்படியொரு ஆனந்தம்.

ஸ்பிளிட்டரில்தான் பலர் தடுமாறுவார்கள். வந்த வாயுவும் பிரிந்த இரண்டும் ஒரே கலவை. அதனால் ஒவ்வொரு வாயுவுக்கும் தனிச் சமன்பாடு எழுதினாலும் கிடைப்பது ஒன்றேதான். அங்கே முட்டிக்கொண்டிருக்காமல் ஆலை முழுவதையும் ஒரே பெட்டியாக எடுத்தோம். பர்ஜில் நைட்ரஜன் 2.25 போகிறது, வினைபுரிந்தது 22.5, அமோனியா 45. அந்த 22.5 என்பது ரியாக்டருக்குள் போனதில் 20 சதவீதம். அப்படியானால் உள்ளே போன நைட்ரஜன் 112.5. புதிதாக வந்த 24.75 போக, 87.75 ரீசைக்கிளிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வாயுவில் நைட்ரஜன் 22.5 சதவீதம் என்பதால் ரீசைக்கிள் 390!

சரிபார்க்க மோல்களை நம்பக்கூடாது. நான்கு மோல் இரண்டாகச் சுருங்கும் வினை இது. எடையைப் பாருங்கள்: உள்ளே 881.5 கிலோ, வெளியே அமோனியா 765, பர்ஜ் 116.5. மிச்சமில்லாமல் பொருந்துகிறது!

இந்தச் சுழற்சியை மேசைமேல் ஓட்டிக் காட்டிய கருவியைக் கார்ல்ஸ்ரூவேயில் ஹாபருடன் சேர்ந்து உருவாக்கியவர் ராபர்ட் லெ ரொசின்யோல். பிஏஎஸ்எஃப் ஆட்கள் அதைப் பார்த்தது 1909 ஜூலையில். அவரும் இதே யூனிவர்சிட்டி காலேஜ் மாணவர்தான் என்றதும் பையனுக்கு ஒரே உற்சாகம். "ஆர்கானை 5 சதவீதத்தில் நிறுத்தினால்?" என்று உடனே கேட்டான். பர்ஜ் 20 ஆகிறது. ரீசைக்கிள் 317-க்கு இறங்கி கம்ப்ரஸரின் சுமை குறைகிறது. ஆனால் அமோனியா 40-தான்.