நாற்பத்திரண்டு நாள் விடுப்புக்கு ஐந்து வாக்கியம்

ஹஜ்ஜுக்குப் போகிறவர் மேலாளருக்கு எழுதும் விடுப்புக் கடிதம் பெரும்பாலும் இரண்டில் ஒரு வகையாக இருக்கும். ஒன்று, கடமையின் மேன்மை, பெற்றோரின் ஆசை, பல வருடச் சேமிப்பு எல்லாவற்றையும் சொல்லி உருகும் இரண்டு பக்கம். இன்னொன்று, நாளையும் கணக்கையும் மட்டும் சொல்லி முடிக்கும் ஐந்து வரி. இரண்டாவதுதான் நல்ல கடிதம் என்று பலரும் சொல்கிறார்கள். அது உண்மையா என்று மாதிரிக்கு ஒன்றை எடுத்து வாக்கியம் வாக்கியமாகப் பார்க்கலாம். எழுதுபவர் ஞாயிறு வார விடுமுறையுள்ள ஒரு தொழிற்சாலையில் மாதம் 26,000 ரூபாய் சம்பளம் வாங்கும் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2024.

“இந்திய ஹஜ் கமிட்டியின் குலுக்கலில் இந்த ஆண்டு ஹஜ் பயணத்துக்குத் தேர்வாகியுள்ளேன். மே 27 முதல் ஜூலை 7 வரை 42 நாள் விடுப்பு வேண்டுகிறேன். என் கணக்கில் 24 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. மீதி 18 நாளை ஊதியமில்லா விடுப்பாக எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

முதல் வாக்கியத்தில் குறை சொல்ல இடமில்லை. ‘ஹஜ்’ என்றாலே நோக்கம் புரிந்துவிடுகிறது. ‘குலுக்கலில் தேர்வாகியுள்ளேன்’ என்ற சொற்கள் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கின்றன. விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு பெயர் வரும் என்று உறுதி இல்லை. உருக்கமான பத்திகள் மேலாளரிடம் ஏற்படுத்த நினைக்கும் அவசரத்தை இந்த ஒரு தகவலே ஏற்படுத்திவிடுகிறது. நம்பிக்கையை விளக்கப் போனால் அதை எடைபோடும் வேலையைப் படிப்பவர் கையில் கொடுத்ததாகிவிடும். ஓர் அலுவலகக் கடிதத்தில் யாருக்கும் அந்த வேலை இருக்கக் கூடாது. எனவே நோக்கத்தைச் சுருக்கியது சரி.

இரண்டாவது வாக்கியத்தில் சறுக்கல் தொடங்குகிறது. எதற்குப் போகிறார் என்பது மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் 42 நாள் என்பது தெரியவில்லை. ஹஜ்ஜின் முக்கியக் கடமைகள் துல்ஹஜ் 8 முதல் 13 வரை, ஐந்தாறு நாளில் நிறைவேறுபவை. 2024இல் அரபா நாள் ஜூன் 15. இது தெரிந்த மேலாளர், “பத்து நாள் போதாதா?” என்று கேட்டால் அதில் தப்பில்லை. பதிலும் எளிதுதான். கமிட்டி வழியாகப் போகிறவர் விமானத் தேதியைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாது. ஒதுக்கிய விமானத்தில் போய், ஒதுக்கிய விமானத்தில்தான் திரும்ப வேண்டும். மதீனாவில் தங்கும் எட்டு நாளளவும் சேர்ந்து அன்று பயணம் ஏறக்குறைய நாற்பது நாளாகிவிட்டது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். கடிதத்தில் அது இல்லை. சுருக்கம் வேண்டும் என்ற அக்கறையில், உண்மையில் கேள்வி எழக்கூடிய இடத்தையே விட்டுவிட்டார்.

பெரிய பிழை மூன்றாவது, நான்காவது வாக்கியங்களில் இருக்கிறது. அது நேர்மையான மனிதர் செய்யும் பிழை. 42இல் 24 போனால் 18 என்று கழித்துவிட்டார். ஆனால் ஈட்டிய விடுப்பை நாட்காட்டி நாளால் எண்ணக் கூடாது. அன்று நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு, விடுப்பின் நடுவிலோ இரு முனைகளிலோ வரும் விடுமுறைகள் விடுப்புக் கணக்கில் சேரா என்று சொன்னது. அந்த 42 நாளில் ஆறு ஞாயிறுகள் வருகின்றன. ஆலையின் பண்டிகை விடுமுறைப் பட்டியலில் பக்ரீத் இருந்தால் ஜூன் 17உம் கழிந்துவிடும். மிஞ்சும் வேலைநாள் 35. ஜூன் 24 வரை 24 நாள் ஈட்டிய விடுப்பு, ஜூன் 25 முதல் ஜூலை 6 வரை 11 நாள் ஊதியமில்லா விடுப்பு. ஜூலை 7 ஞாயிறு. மறுநாள் வேலைக்கு வந்துவிடலாம்.

பதினொன்று போதுமான இடத்தில் பதினெட்டு நாளைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கும் வழக்கப்படி ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் என்றால், கேட்காமலே விட்டுக்கொடுத்தது 7,000 ரூபாய். சம்பளப் பிரிவில் யாரும் இதைத் திருத்துவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ‘சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்தோடு கடிதம் இருக்கிறதே!

இன்னொரு பொறியும் உண்டு. ஊதியமில்லா விடுப்புக்கு நடுவிலும் முடிவிலும் வரும் ஞாயிறுகளையும் சேர்த்துப் பிடிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படிப் பிடித்தால் 11 நாள் 13 ஆகும். சம்பளத்தை 30ஆல் வகுத்து 13 நாள் பிடித்தால் தொகை ஏறக்குறைய 11,270 ரூபாய், பெரிய வேறுபாடில்லை. 26ஆல் வகுத்துவிட்டு 13 நாள் பிடித்தால் 13,000 போய்விடும். 26 என்பதே ஞாயிறுகளைக் கழித்த எண் என்பதால், அந்த ஞாயிறுகளை மறுபடி பிடிப்பது இரட்டைப் பிடித்தம். ‘11 வேலைநாள்’ என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

ஊதியமில்லா நாளைத் தாமே முன்வந்து சொல்வது தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டால் சொல்லலாம், முந்திக்கொண்டால் பேரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கையிருப்பைவிட அதிக நாள் கேட்கிறவருக்கு மறுப்பு வர எளிதான காரணம் ‘கணக்கில் விடுப்பு இல்லை’ என்பதுதான்; முன்கூட்டியே சொல்வது அந்தக் கதவை அடைக்கிறது. கூடவே, எழுத்தில் அனுமதி பெற்ற ஊதியமில்லா விடுப்பு வேறு, சொல்லாமல் வராதது வேறு. முதலாவதில் போவது சம்பளம் மட்டும். இரண்டாவது ஒழுங்கு நடவடிக்கை வரை போகும்.

கடிதத்தின் கடைசிக் குறையும் இதோடு சேர்ந்ததுதான். திரும்பும் விமானம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. அன்றைய மாதிரி நிலையாணைகளின்படி, விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி ஏற்கத்தக்க விளக்கம் தராதவர் வேலை மீதான உரிமையையே இழக்கலாம். ஊதியமில்லா விடுப்பு என்ற வாக்குறுதி உண்மையில் பயன்பட வேண்டிய இடம் இதுதான். இந்த மனிதரோ அதைக் கழித்தல் கணக்கில் வீணாக்கிவிட்டு, ஆபத்து உள்ள இடத்தைத் திறந்தபடி விட்டிருக்கிறார்.

ஆக, கடிதத்தின் போக்கு சரி, கணக்கு தவறு. முதல், கடைசி வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு நடுப்பகுதியை இப்படி மாற்றலாம்: “போக வர விமானத் தேதிகளைக் கமிட்டியே ஒதுக்குவதால் மே 27 முதல் ஜூலை 7 வரை விடுப்பு தேவைப்படுகிறது. இதில் வேலைநாள் 35. ஜூன் 24 வரை 24 நாளை ஈட்டிய விடுப்பாகவும், அதன்பின் 11 வேலைநாளை ஊதியமில்லா விடுப்பாகவும் அனுமதிக்கவும். திரும்பும் விமானம் மாறினால் உடனே தெரிவிப்பேன். கூடும் நாளையும் ஊதியமில்லா விடுப்பாகக் கொள்ளவும்.”

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இனி எழுதுகிறவர் தம் ஆலையில் இப்போது செல்லும் விதியைக் கேட்டுக்கொண்டு எண்ண வேண்டும். எந்த விதியானாலும் முதலில் ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் நாட்காட்டியில் அடித்துவிட்டுப் பிறகு கழிக்கட்டும். தாராளமாக விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்கூட எத்தனை நாளை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதே முறை.