மாயும் மாயமும்

பிரான்ஸின் பழைய கடுகு விழுது நிறுவனம் மாய். அதன் புகழ்பெற்ற விளம்பர வாசகம், 'இல் நியா கெ மாய் கி மாய்'. முதல் 'மாய்' நிறுவனத்தின் பெயர். இரண்டாவது, 'எனக்குப் பொருந்தும்' என்ற பொருளுள்ள வினை. எழுத்து வேறு, ஒலி ஒன்று. பெயரே தன்னைப் புகழ்ந்துகொள்ளும் அழகு அது.

'எனக்குப் பொருந்துவது மாய் மட்டுமே' என்று மொழிபெயர்த்தால் பொருள் முழுதாக வரும், சிலேடை போய்விடும். 'மாய்' இருக்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் பெயரை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். மொழிபெயர்ப்பு தோற்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

'என் வாய்க்கு மாய்' என்று எதுகை பிடிக்கலாம். ஆனால் தமிழில் 'மாய்' என்றால் செத்துப்போ. வரி அந்தச் சொல்லில் முடிந்தால் சாபமாகக் கேட்கும்.

நான் எழுதினால், 'மாய் தொட்டால் மாயம்!' என்பேன். 'தொட்டால்' என்பது விரலால் தொடுவதையும் குறிக்கும், உணவுக்குத் தொட்டுக்கொள்வதையும் குறிக்கும். மாயம் என்பது வித்தை. தட்டிலிருந்தது காணாமல் போவதும் மாயம்தான். 'மட்டுமே' என்ற உரிமைக்குரல் இதில் இல்லை. ஆனால் பெயர் இரண்டு முறை ஒலிக்கிறது, சாவின் நிழல் விலகுகிறது, வேறு பெயரை இங்கே வைக்கவும் முடியாது.