மதச் சந்தை: ஒரு கோட்பாடும் அதைக் கவிழ்த்த கணக்கும்

அமெரிக்கா விடுதலை அறிவித்த 1776-இல் அந்நாட்டு மக்களில் ஏதாவது ஒரு திருச்சபையைச் சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். 1906-இல் அது 51 ஆனது, 1980-இல் 62. முன்னோர்கள் பக்தியில் ஊறியவர்கள், நவீன காலம் வர வர மதம் தேய்ந்தது என்ற வழக்கமான கதைக்கு நேர் எதிராக இந்த எண்கள் ஏறுகின்றன. ரோஜர் ஃபிங்க், ராட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள் 1992-இல் வெளியிட்ட அமெரிக்கத் திருச்சபை வரலாறு இந்தப் புதிரிலிருந்துதான் தொடங்குகிறது. விடை தேட அவர்கள் இறையியலிடம் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போனார்கள்.

யார் வளர்ந்தார்கள், யார் தேய்ந்தார்கள் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது விளங்கும். 1776-இல் சபை சார்ந்தோரில் மெத்தடிஸ்டுகள் 2.5 விழுக்காடு, 1850-இல் 34 விழுக்காடு. நியூ இங்கிலாந்தில் மக்கள் வரியிலிருந்து சம்பளம் வாங்கிவந்த காங்கிரிகேஷனல் சபை அதே காலத்தில் 20-இலிருந்து 4-க்கு இறங்கியது. ஹார்வர்டிலும் யேலிலும் படித்த அதன் போதகர்கள் எழுதிவைத்த உரையை மேடையில் நின்று வாசித்தார்கள். மெத்தடிஸ்ட் போதகரோ குதிரையில் வந்தார். சேணப்பையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், மாற்றுத்துணி. தொடக்கத்தில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 64 டாலர். தானியக் களஞ்சியத்திலோ மரத்தடியிலோ நின்று, கூட்டத்தின் முகம் பார்த்து, அவர்கள் பேசும் பேச்சில் பேசினார். கூட்டம் வராவிட்டால் அவருக்குப் பிழைப்பில்லை. காங்கிரிகேஷனல் போதகருக்கு அந்தக் கவலை இல்லை. கனெக்டிகட்டில் 1818 வரையிலும் மாசச்சூசெட்ஸில் 1833 வரையிலும் சட்டம் அவரைக் காத்தது.

இந்த வாதத்தின் மூலவர் ஆடம் ஸ்மித். அதே 1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில், மானியத்தில் வாழும் குருமார் சோம்பிப்போவார்கள், காணிக்கையில் வாழ்பவர்கள் ஊக்கத்தோடு உழைப்பார்கள் என்று அவர் எழுதினார். இருநூறு ஆண்டுகள் கழித்து ஸ்டார்க், வில்லியம் பெயின்பிரிட்ஜ், ஃபிங்க், பொருளியலாளர் லாரன்ஸ் இயானக்கோன் ஆகியோர் இதை ஒரு முழுக் கோட்பாடாகக் கட்டினார்கள். அதன் பெயர் பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடு. 'பகுத்தறிவு' என்றதும் நமக்குப் பெரியார் நினைவுக்கு வருவார். இங்கே பொருள் வேறு. கடவுள் உண்டா இல்லையா என்பது இவர்கள் கேள்வி அல்ல. காய்கறி வாங்குகிறவர் வரவு செலவு பார்ப்பதுபோல, பக்தரும் தான் கொடுப்பதையும் பெறுவதையும் எடைபோட்டே ஒரு சபையில் சேர்கிறார், விலகுகிறார் என்பது அவர்களுடைய அடிப்படை.

இதில் துணிச்சலான பகுதி ஒன்று உண்டு. மரணம், நோய், நீதி பற்றிய கேள்விகளுக்கு இவ்வுலகம் விடை தராது. ஆகவே மதத்துக்கான தேவை எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் என்கிறார்கள். மாறுவது வழங்கல் மட்டும். ஐரோப்பாவில் தேவாலயங்கள் காலியாகக் கிடப்பதற்கு மக்களின் நம்பிக்கை வற்றியது காரணமல்ல, அரசு வளர்த்த ஏகபோகச் சபைகளின் சோம்பலே காரணம். கடைகள் பெருகினால் வியாபாரம் பெருகும். மதங்கள் பெருகினால் வழிபாடு பெருகும். அதுவரை ஆட்சி செய்த கருத்து இதற்கு நேர்மாறானது. பல மதங்கள் அருகருகே இருந்தால் எதன் உண்மையும் ஐயத்துக்குள்ளாகும் என்று சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967-இல் எழுதியிருந்தார்.

எது சரி என்று அளந்து பார்க்கலாமே? அளந்தார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் 1906-இல் எடுத்த மதக் கணக்கைக் கொண்டு 150 நகரங்களை ஃபிங்க்கும் ஸ்டார்க்கும் 1988-இல் ஆராய்ந்தார்கள். சபையில் சேர்ந்தோரில் கண்ணை மூடிக்கொண்டு இருவரை எடுத்தால் அவர்கள் வெவ்வேறு சபையினராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்தான் பன்மைக் குறியீடு. ஒவ்வொரு சபையின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றிலிருந்து கழித்தால் கிடைக்கும். எல்லோரும் ஒரே சபை என்றால் பூஜ்யம். கத்தோலிக்கர் எத்தனை விழுக்காடு என்பதையும் சமன்பாட்டில் சேர்த்துப் பார்த்தபோது, பன்மை கூடிய நகரங்களில் சபை சார்ந்தோரும் கூடியிருந்தார்கள். கோட்பாடு வென்றதுபோல் தெரிந்தது. மற்றவர்கள் வேறு ஆண்டுகளை, வேறு வட்டாரங்களை எடுத்தபோது தொடர்பு நேரெதிராக வந்தது. பத்தாண்டுக்கு மேல் இந்தச் சண்டை நடந்தது.

2002-இல் டேவிட் வோவாஸ், டேனியல் ஓல்சன், அலாஸ்டேர் கிராக்கெட் மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்தச் சண்டையின் அடித்தளத்தையே தோண்டியது. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் அதன் சாரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். 100 பேர் வாழும் ஓர் ஊர். பெரிய சபை ஒன்றில் 50 பேர், சிறிய சபைகள் மூன்றில் பத்துப் பத்துப் பேர். சபை சார்ந்தவர்கள் 80. பன்மைக் குறியீடு 0.56. பக்கத்து ஊரில் சிறிய சபைகள் அப்படியே இருக்க, பெரிய சபையில் 30 பேர் மட்டும். சபை சார்ந்தவர்கள் 60-ஆகக் குறைந்தார்கள், குறியீடோ 0.67-க்கு ஏறிவிட்டது. இந்த இரண்டு ஊரையும் பார்ப்பவர், பன்மை வந்தால் பக்தி குறைகிறது என்பார். மூன்றாவது ஊரில் பெரிய சபையில் அதே 50, சிறிய சபைகளில் ஐந்தைந்து பேர். சபை சார்ந்தவர்கள் 65, குறியீடு 0.39. முதல் ஊரோடு இதை ஒப்பிடுகிறவர், பன்மை வந்தால் பக்தி கூடுகிறது என்பார்.

எந்த ஊரிலும் போட்டியைப் பார்த்து யாரும் சுறுசுறுப்படையவில்லை, ஐயம் வந்து யாரும் விலகவும் இல்லை. நாமாக எண்களை இட்டோம். அப்படியிருந்தும் தொடர்பு பிறக்கிறது. ஏனென்றால் குறியீடும் சபை சார்ந்தோர் விகிதமும் ஒரே எண்களிலிருந்து செய்யப்பட்டவை. ஊருக்கு ஊர் பெரிய சபை கூடிக் குறைந்தால் தொடர்பு எதிராகும். சிறிய சபைகள் கூடிக் குறைந்தால் நேராகும். 1906 நகரங்களில் பல இடங்களிலும் பெரிய சபை கத்தோலிக்கம்தான். அதன் அளவைச் சமன்பாட்டில் கட்டிப்போட்டால் எஞ்சுவது சிறிய சபைகளின் ஏற்ற இறக்கம். அப்போது நேர்த்தொடர்பு வருவதில் வியப்பில்லை. எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. இரு தரப்பிலும் திறமையான ஆய்வாளர்கள், நேர்மையான தரவுகள். ஆனால் அளவுகோலே விடையை எழுதிக்கொண்டிருந்தது. 2002 கட்டுரைக்கு ஓராண்டு முன்பு மார்க் சேவ்ஸும் பிலிப் கோர்ஸ்கியும் 26 கட்டுரைகளில் இருந்த 193 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, போட்டி வழிபாட்டை வளர்க்கிறது என்ற பொதுவிதிக்கு ஆதரவில்லை என்று முடித்திருந்தார்கள். வோவாஸ் குழுவின் கட்டுரைக்குப் பிறகு, எதிர்க்கருத்துக்குச் சாதகமாக வந்த சோதனைகளையும் நம்ப முடியாமல் போனது.

குறியீட்டை விட்டுவிட்டு நாடுகளைப் பார்த்தாலும் கோட்பாடு தடுமாறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் போலந்தும் அயர்லாந்தும் ஒரே சபையின் பிடியில் இருந்தன. ஞாயிறு தோறும் தேவாலயங்கள் நிரம்பின. ரஷ்யர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் எதிரே நின்ற அடையாளம் அந்தச் சபை என்பதால் மக்கள் அதோடு ஒட்டிக்கொண்டார்கள். ஸ்வீடனில் 2000-இல் அரசும் சபையும் பிரிந்தன. அப்போது மக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அச்சபையின் உறுப்பினர்கள். இப்போது பாதியை ஒட்டி நிற்கிறது. விலகியவர்களை இழுத்துக்கொள்ளப் புதிய சபைகள் பெரிதாக எழவில்லை. தேவை மாறாது என்ற அடிப்படையையே சமூகவியலாளர் ஸ்டீவ் ப்ரூஸ் போன்றவர்கள் மறுப்பது இதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் கோட்பாட்டில் ஒரு பகுதி எனக்கு வலுவாகவே தெரிகிறது. அது இயானக்கோன் 1990-களின் தொடக்கத்தில் எழுதியது. கண்டிப்பான சபைகள் ஏன் செழிக்கின்றன? நகை அணியாத பெந்தகோஸ்தே குடும்பங்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். சொந்தக்காரர் கல்யாணத்தில் வெறுங்கழுத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அது லேசான காரியமா? அந்தச் சங்கடமே ஒரு சல்லடை என்கிறார் இயானக்கோன். கூட்டு ஜெபத்தின் சுவை பக்கத்தில் இருப்பவரின் ஈடுபாட்டைப் பொறுத்தது. ஓசியில் பயன் பெற வருகிறவர்கள் பெருகினால் எல்லோருக்கும் அது நீர்த்துப்போகும். விலை அதிகம் என்றால் அரைமனதுக்காரர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்களுக்கும் வெளியே பொழுதுபோக்க வழி குறைவதால் சபையிலேயே ஊன்றுவார்கள். நோயில் சமைத்துப் போடவும் வேலை தேடித்தரவும் அங்கே ஆள் இருக்கிறது.

இதையும் சோதித்தார்கள். ரிச்சர்ட் சோசிஸும் எரிக் ப்ரெஸ்லரும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூட்டுவாழ்வு நடத்திய 83 சமூகங்களை 2003-இல் ஆராய்ந்தார்கள். மதச் சமூகங்களில் கட்டுப்பாடுகள் எத்தனைக்கெத்தனை கடுமையோ அத்தனைக்கத்தனை நீண்ட ஆயுள். மதம் சாராத சமூகங்களில் அந்தத் தொடர்பே இல்லை. விலைதான் சல்லடை என்றால் அங்கும் அது சலித்திருக்க வேண்டுமே! ஒரு தியாகத்தைப் புனிதம் என்று நம்புவதற்கும் வெறும் விதி என்று சகிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வரவு செலவுக் கணக்கு பிடிக்கவில்லை.

நம் நாட்டில் அளக்கப் போனால் சிக்கல் இன்னும் கூடும். செப்டம்பர் 8-ஆம் தேதித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களில் இந்துக்களும் உண்டு, அங்கே மொட்டையடித்துக்கொள்கிறார்கள். நாகூர் தர்காவுக்கும் அப்படியே. இவர்களை எந்தக் கடையின் வாடிக்கையாளர் என்று எழுதுவது? நேர்த்திக்கடன் தனியாளின் காரியம், அதில் மக்கள் பல இடங்களில் முதலீட்டைப் பிரித்துவைப்பார்கள் என்று இயானக்கோன் 1995-இல் விளக்கினார்; அந்த விளக்கம் இங்கே ஓரளவு பொருந்துகிறது. குலதெய்வத்துக்குப் பொருந்தவில்லை. அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, பிறப்பு தருகிறது. பழகிய சடங்கும் ஒரு மூலதனம், அதை யாரும் எளிதில் விடமாட்டார்கள் என்பது கோட்பாட்டின் இன்னொரு கூற்று. ஆனால் இருபது வயதுவரை ஒரு தெய்வத்துக்குப் பொங்கல் வைத்த பெண், தாலி ஏறியதும் புகுந்த வீட்டுத் தெய்வத்துக்கு வைக்கிறாள். அந்த மாற்றத்தை முடிவு செய்வது உறவுமுறை.

ஆகவே போதகர் ஏன் உழைக்கிறார், கண்டிப்பான சபை ஏன் கலைவதில்லை என்று அறிய இந்தக் கோட்பாட்டைப் படிக்கலாம். மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்பதற்கு அது போதாது. தமிழகத்தில் மதத்தை ஆராய வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: வினாத்தாளில் 'உங்கள் மதம் எது' என்று ஒரு கட்டம் போடுவதற்கு முன், அந்தக் குடும்பம் போன ஆண்டில் எந்தெந்த வாசலில், யார் சொல்லி, எதற்காகப் போய் நின்றது என்று கேளுங்கள்.