வெட்டும் ஒட்டும்

ஒரு பேட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், பேசிய மனிதரைப் பற்றியும் அவர் சொன்னதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லுவார்கள். ஐம்பது நிமிஷம் பேசியவரை ஒன்பது நிமிஷத்துக்குள் அடக்கிய இன்னொரு மனிதர் நடுவில் இருக்கிறார் என்பது அநேகமாக யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாமல் செய்வதுதான் அவருடைய சாமர்த்தியம் என்று சொல்லலாம். அந்தச் சாமர்த்தியம் எந்த இடத்தில் நேர்மையாக இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று விசாரிப்பது விமரிசகனின் வேலை என்று நினைக்கிறேன்.

அவர் செய்கிற காரியங்கள் இரண்டு. பேச்சில் வருகிற 'அ...', 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்றது' போன்றவற்றை வெட்டி எறிவது ஒன்று. ஒரே காமிராவில் எடுத்த முகத்தில் இப்படி நடுவில் வெட்டினால், இடப்பக்கம் சாய்ந்திருந்த தலை கண்மூடித் திறப்பதற்குள் வலப்பக்கம் துள்ளிவிடும். இதை ஜம்ப் கட் என்கிறார்கள். இந்தத் துள்ளலை மறைப்பது இரண்டாவது காரியம். குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, படத்தில் மட்டும் பேசுகிறவரின் கைகளையோ, சுவரில் மாட்டிய பழைய போட்டோவையோ இரண்டு மூன்று விநாடி காட்டிவிட்டு முகத்துக்குத் திரும்புவார்கள். இதற்குக் கட்அவே என்று பெயர். கிழிசலின் மேல் வைத்துத் தைத்த ஒட்டுத் துணி போலத்தான்.

வெட்டுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் மௌனம் சூழத் தனியாக நிற்கிற 'அ...' தான் சுலபமாக வரும். அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதை எடுக்கப் போனால் அந்தச் சொல்லின் முதல் எழுத்தும் சேர்ந்து போய்விடும். கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாது. ஏதோ இடறியது என்று மட்டும் தெரியும். மூச்சையும் சேர்த்து வெட்டினால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதி, பேசுகிறவர் மனுஷராகவே தோன்றமாட்டார். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால், வெட்டிய இடத்தில் அந்த இரைச்சல் திடீரென்று மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்காகவே தெரிந்தவர்கள் பேட்டி முடிந்ததும் யாரையும் பேசவிடாமல் வெறும் அறையின் சத்தத்தை அரை நிமிஷம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுகிறார்கள். வெட்டின் அடியில் அதைப் பரப்பினால் இரைச்சல் அறுபடாது.

இதெல்லாம் கைத்தொழில், பழகினால் வரும். பாஷைதான் பழகுவதற்குக் கடினமானது. தமிழில் 'வந்து' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "அவர் வந்து சொன்னார்" என்றால், அவர் இங்கே வந்தார், வந்து சொன்னார் என்றும் இருக்கலாம். சும்மா ஒரு தயக்கமாகவும் இருக்கலாம். எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பேட்டியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தாளிலேயே சொற்களை அடித்துவிட்டு, பிறகு படத்தை அதன்படி வெட்டுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு படத்தொகுப்பாளர், தறியை விட்டுவிட்ட ஒரு முதிய நெசவாளரின் பேட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெரியவர் சொன்னது இது: "பையன் வந்து இந்தத் தொழிலுக்கு வரல்லே." இதற்குப் பிறகு ஆறு விநாடி மௌனம். அப்புறம், "அதாவது... நான் வந்து... வரவேண்டாம்னு சொல்லிட்டேன்." நண்பர் வழக்கம்போல வேலை செய்தார். மிஞ்சியது: "பையன் இந்தத் தொழிலுக்கு வரல்லே. வரவேண்டாம்னு சொல்லிட்டேன்." வெட்டின் மேல் நாடா ஓடுகிற தறியை இரண்டரை விநாடி ஒட்டினார். கச்சிதமாக இருந்தது. ஒரு தையல் தெரியவில்லை.

ஆனால் பெரியவர் வேறு மனிதராகிவிட்டார். மூலத்தில் அவர் முதலில் பழியைப் பையன் மேல் வைக்கிறார். பிறகு மனசு கேட்காமல், அந்த 'அதாவது'வைப் படியாக வைத்து, பழியைத் தன் மேல் இறக்கிக்கொள்ளுகிறார். தமிழில் வினையே ஆளைச் சொல்லிவிடும். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவசியமில்லாமல் சொன்னதுதான் அவருடைய ஒப்புதல். வெட்டிய பிறகு நமக்குக் கிடைப்பவர் கண்டிப்பான தகப்பனார். எடுத்தவை எல்லாம் அர்த்தமில்லாத சொற்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவை! தறியின் படம் மறைத்தது தலையின் துள்ளலை மட்டுமல்ல. அந்த ஆறு விநாடி முகத்தையும் மறைத்துவிட்டது.

நண்பரிடம் சொன்னேன். அவர் தறியின் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை முழுசாகத் திருப்பி வைத்தார். படம் ஒன்பது விநாடி நீண்டது. அந்த ஒன்பது விநாடியை, நூல் விலையைப் பற்றிப் பெரியவர் இரண்டு தடவை சொன்ன இடத்தில் ஈடு கட்டினார். அங்கே தறியின் படம் பொருத்தமாகவே உட்கார்ந்தது.

ஒட்டே போடாமல் வெட்டுகிறவர்களும் உண்டு. அமெரிக்க இயக்குநர் எரால் மாரிஸ் 2003இல் எடுத்த 'தி ஃபாக் ஆஃப் வார்' படத்தில், வியட்நாம் யுத்தத்தின்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த ராபர்ட் மக்னமாரா பேசுகிறார். இருபது மணிக்கு மேல் பதிவானது இரண்டு மணிக்கும் குறைவாக ஆகியிருக்கிறது. பழைய யுத்தப் படங்களை மாரிஸ் நிறையப் பயன்படுத்துகிறார். ஆனாலும் பல இடங்களில் முகம் துள்ளுவதை அப்படியே விட்டுவிடுகிறார். படத்தின் ஆரம்பத்திலேயே, விட்ட வாக்கியம் தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதை மறுபடி தொடங்கப் போவதில்லை, நீங்களே எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம் என்று மக்னமாரா சொல்லுவதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார். தன் வாக்கியங்களை அத்தனை ஜாக்கிரதையாகக் காவல் காக்கிற மனிதரின் பேச்சு, வெட்டப்பட்டு நம்மிடம் வருகிறது என்பதை முகம் துள்ளும்போதெல்லாம் நாம் உணருகிறோம். அந்தப் படத்துக்கு அது தேவை. அதற்காக எல்லாரும் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் நெசவாளர் துள்ளிக்கொண்டே நூல் விலை சொன்னால், விலையை விட்டுவிட்டுத் துள்ளலைத்தான் பார்ப்போம்.

ஒட்டுவது பாவமல்ல; எப்போது ஒட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. முதலில் ஒட்டே இல்லாமல், துள்ளுகிற முகத்தோடு, வெட்டிய பேட்டியை முழுக்க ஒரு தடவை பார்க்க வேண்டும். பிறகு அதே பகுதியை மூலத்தில் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே மனிதர் பேசினால், துள்ளல் வெறும் கண்ணின் தொந்தரவு, தாராளமாக மறைக்கலாம். வேறு மனிதர் பேசினால், எந்தத் தறியைக் காட்டினாலும் அது பொய்தான். ஒட்டை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை, ஏனென்றால் ஒட்டுப் போட்டவரையே அது ஏமாற்றிவிடும்.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வாக்கியத்தின் நடுவில் படம் முகத்தை விட்டு விலகும்போது, கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். சுருதி படியிறங்காமல் குதித்தால், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் மூச்சு காணாமல் போனால், அங்கே ஏதோ எடுக்கப்பட்டிருக்கலாம். எடுத்தது என்ன என்று நமக்குத் தெரியாது. ஆனால் சொன்னவர் அதை அத்தனை சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று சந்தேகப்படலாம்.