நடுவில் கேட்ட லீவு

மருத்துவமனை வார்டில் டூட்டி லிஸ்ட் ஒட்டியபிறகு லீவு கேட்டால், யாரோ ஒருவரின் ஓய்வுநாள் பறிபோகும். அதனால்தான் ஒரு செவிலியர் தன் கண்காணிப்பாளருக்கு எழுதிய அரைப்பக்கக் கடிதம் எனக்குப் பிடித்துப்போனது.

காரணத்துக்கு ஒரே வரி: தங்கைக்கு வளைகாப்பு. கெஞ்சல் கிடையாது. மீதியெல்லாம் ஏற்பாடு. வியாழன் நைட் டூட்டியைத் தோழி பார்ப்பார்; பதிலுக்கு அவருடைய ஞாயிறு நைட் இவருக்கு. தோழிக்கு வெள்ளியன்று ஓய்வு என்பதையும் எழுதியிருக்கிறார். இல்லாவிட்டால் நைட் முடித்த கையோடு மார்னிங் ஷிப்டுக்கும் நிற்க வேண்டிவருமே! பரிமாற்றங்கள் பெரும்பாலும் அங்கேதான் குலையும். கீழே தோழியின் கையெழுத்தும் உண்டு. வாய்ச்சொல்லை நம்பி லிஸ்டைத் திருத்த எந்தக் கண்காணிப்பாளரும் துணியமாட்டார்.

அடுத்தது ஒப்படைப்பு. எமர்ஜென்சி டிரேயில் காலாவதித் தேதிகளைப் புதனன்றே பார்த்துவிடுவார். மார்ஃபின் அலமாரியில் ஆம்பூல்களை எண்ணி, பதிவேட்டோடு சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட்டபிறகு சாவி கைமாறும். துணிக் கணக்கு மட்டும் முடியாதாம். எந்தப் பக்கம்வரை எழுதியிருக்கிறார் என்று குறித்திருக்கிறார். “எல்லாம் முடித்துவிடுகிறேன்” என்று எழுதியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.