சளியில் ஊதாச் சுடர்கள்

நிமோனியா நோயாளியின் சளியைத் தடவிய ஸ்லைடு நன்றாக அமைந்துவிட்டால், கண்ணில் முதலில் படுவது இளஞ்சிவப்புதான். சளி இழைகளும் சீழ் செல்களும் அந்த நிறத்தில் பரவிக் கிடக்கும். நடுவே கருநீலப் பொட்டுகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஆயில் ஒரு சொட்டு விட்டு 1000 மடங்கு பெருக்கிப் பார்த்தால் எந்தப் பொட்டும் முழு வட்டமில்லை. வெளிநுனி சற்றே கூர்ந்திருக்கும். இரண்டு அகல் சுடர்களை அடியோடு அடி ஒட்டிவைத்த வடிவம். சுற்றிலும் மெல்லிய வெளிறிய வளையம் தெரிந்தால், அநேகமாக அது சாயம் ஏறாத உறை. நிமோகாக்கஸ் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் இது.

இந்த அழகில் உடனே மயங்கிவிடக் கூடாது. குறைந்த பெருக்கத்தில் ஸ்லைடு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஆயிலுக்குப் போக வேண்டும். தட்டையான பெரிய செல்கள் புலத்துக்குப் பத்துக்கு மேல் கிடந்தால், வந்திருப்பது நுரையீரல் சளியல்ல, வாயின் உமிழ்நீர். வாயிலும் ஊதாக் கோளங்கள் ஏராளம்; சோடியாகவும் சங்கிலியாகவும் இருக்கும். அந்த ஸ்லைடில் எவ்வளவு அழகான சோடி தெரிந்தாலும் அதற்கு மதிப்பில்லை. வேறு சளி கேட்பதே முறை.

சளி தேறிவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது சீழ் செல்களின் உட்கருவை. அது சிவந்திருக்க வேண்டும். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் பெர்லினில் இந்த முறையை வெளியிட்டபோது தேடியதும் இதைத்தான்: நுரையீரல் திசுவின் உட்கருக்கள் நிறமிழக்க வேண்டும், பாக்டீரியா மட்டும் நிறத்தோடு நிற்க வேண்டும். சிவப்புச் சாயமான சாஃப்ரனின் பிறகு வந்து சேர்ந்தது. இன்று கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹாலோ அசிட்டோனோ சில நொடிகள், கடைசியில் சாஃப்ரனின். கைத்திறன் முழுவதும் அந்தச் சில நொடிகளில்தான். வயலெட்டும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிவிடுகின்றன. செல்சுவரில் பெப்டிடோகிளைக்கான் தடித்திருந்தால் ஆல்கஹால் அதை இறுக்கிவிடும். நிறம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சுவர் மெல்லியதானால், அதன் வெளிச்சவ்வும் ஆல்கஹாலில் கரைய, நிறம் கழுவப்பட்டுவிடும். உட்கருவும் ஊதாவாகத் தெரிந்தால் கழுவியது போதவில்லை. அந்த இடத்தில் தெரியும் எந்த ஊதாவையும் நம்ப முடியாது. தடவல் தடிப்பாக உள்ள பகுதியில் இது சாதாரணமாக நடக்கும். ஓரத்துக்கு நகர்ந்து மெல்லிய இடமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத் தவறுதான் ஆளை ஏமாற்றும். ஆல்கஹால் நொடிகள் கூடிவிட்டால் நிமோகாக்கஸும் நிறமிழக்கும். கழுவியது சரியாகவே இருந்தும் இது நேரலாம். நிமோகாக்கஸ் வயதானால் தன் சுவரைத் தானே சிதைத்துக்கொள்ளும் குணமுடையது. நோயாளி பென்சிலின் வகை மருந்து எடுத்திருந்தாலும் சுவர் தளரும். அப்போது ஒரே புலத்தில் சில சோடிகள் ஊதாவாகவும் சில சிவப்பாகவும் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் இரண்டு வகைக் கிருமி என்று எழுதிவிடுவார். சிவந்த சோடி என்றதும் மொராக்செல்லா நினைவுக்கு வருவதும் இயல்புதான். அதுவும் சளியில் சோடியாகவே வரும்.

இங்கே நான் நிறத்தை விட்டு வடிவத்தைப் பிடித்துக்கொள்வேன். மொராக்செல்லாவில் இரு கோளங்களும் அகன்ற பக்கத்தால் ஒட்டியிருக்கும். ஒட்டிய பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் புடைத்தும் இருக்கும். நிமோகாக்கஸோ நீளவாக்கில் முனையோடு முனை சேரும், கூர்மை வெளியே நீளும். சிவந்துபோன சோடியிலும் இந்த நீட்சி பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். பக்கத்துச் சோடி ஊதாவாக அதே வடிவில் நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

இந்தச் சேர்க்கை தற்செயல் இல்லை. நிமோகாக்கஸ் ஒரே திசையில் பிளக்கிறது. அதனால் சோடி, சில நேரம் குட்டைச் சங்கிலி. ஸ்டஃபைலோகாக்கஸ் வெவ்வேறு தளங்களில் மாறிமாறிப் பிளந்து, பிரிந்து போகாமல் ஒட்டிக்கொள்வதால் ஒழுங்கற்ற கொத்தாகிறது. ஆனால் சீழில் அதுவும் தனியாகவும் சோடியாகவும் கிடக்கும். கொத்து தெரிய நான்கைந்து புலங்கள் நகர்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். அதன் சோடியில் கூர்மை இருக்காது. இரண்டும் நல்ல உருண்டை.

அதே நிமோனியாவில் இன்னொரு காட்சியும் உண்டு: சிவந்த, குட்டையான, தடித்த கோல்கள், சுற்றிலும் அகலமான வெளிறிய உறை. கிளெப்சியெல்லாவுக்கு இந்தத் தோற்றம் உண்டு. கிராம் வேலை செய்த ஆய்வகத்தின் ஃப்ரீட்லாண்டர் விவரித்தது இந்தக் கோலைத்தான். கிராமின் சாயத்தில் அது நிறத்தை விட்டுவிடும், நிமோகாக்கஸ் விடாது. நிமோனியாவுக்குக் காரணம் எது என்று அன்று நடந்த வாதத்தில் இந்த வேறுபாடு இரண்டையும் பிரித்துக் காட்டியது.

அறிக்கையில் ‘நிமோகாக்கஸ்’ என்று எழுதுவதில்லை. ‘சீழ் செல்கள் நிறைய, கிராம் பாசிட்டிவ் டிப்ளோகாக்கை, கூர்முனை வடிவம்’ என்று எழுதுவார்கள். பெயரை உறுதிசெய்வது மறுநாள் இரத்த அகார் தட்டில் வளரும் காலனியின் வேலை. மருத்துவர் அதுவரை காத்திருக்க மாட்டார். இந்த ஒரு வரியை வைத்தே மருந்தைத் தொடங்கிவிடுவார்.